படத்தைப் பார்த்து பவுச், பாட்டில், அட்டைப்பெட்டி வகையைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரு போட்டோதான் இருக்கிறது. அதை வைத்தே அதே பவுச்சை வாங்கிவிட முடியுமா?

வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம். படம் ஒழுங்காக எடுத்திருந்தால் நீள அகலத்தையும் சில மி.மீ. வித்தியாசத்துக்குள் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அந்தப் பவுச் எந்தெந்தப் படலங்களை ஒட்டிச் செய்தது, எத்தனை மைக்ரான் கனம் என்பது படத்தில் தெரியாது. உள்ளே இருக்கும் உணவு நமத்துப்போகுமா, எண்ணெய்ச் சிக்கு வாடை வருமா, மணம் போய்விடுமா என்பதெல்லாம் அந்தப் படலங்களைப் பொறுத்தது. அதனால் படத்தை அனுப்பி "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்டால், பார்வைக்கு அதே மாதிரி ஒன்று வரும். அது உங்கள் பொருளைக் காப்பாற்றுமா என்பது வேறு விஷயம்.

வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடிவத்தைப் படத்திலிருந்து எடுங்கள். அளவை, பக்கத்தில் ஒரு வங்கி அட்டையை வைத்து எடுத்த படத்திலிருந்து எடுங்கள். படலத்தை மட்டும் நிஜ சாம்பிளைக் கையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் பவுச்சைப் பற்றியவை. வீட்டிலிருந்து உணவு விற்பவர்கள் அதிகம் தடுமாறுவது அதில்தான்.

ஸ்டாண்ட் அப் பவுச் என்று கேட்டேன். "எந்த ஸ்டாண்ட் அப்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

முன்பக்கத்தில் இருக்கும் ஜிப், ஜன்னல், அச்சு இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வகையைச் சொல்வது அந்த இரண்டு அங்குலம்தான்.

அடியில் சீல் கோடு யு எழுத்தைப் போல வளைந்து, இரண்டு மூலையிலும் முக்கோணமாகத் தட்டையான சீல் பகுதி தெரிந்தால் அது ரவுண்ட் பாட்டம். விற்பவர்கள் டாய்பேக் என்று எழுதுவதும் இதைத்தான். 1960களில் பிரான்ஸைச் சேர்ந்த லூயி துவாயன் உருவாக்கிய வடிவம் இது. அரைக் கிலோவுக்கு உட்பட்ட லேசான பொருளுக்கு இது நன்றாக நிற்கும். அடி மூலைகளில் சீல் சாய்கோடாக, நேர்கோட்டில் போனால் அது கே சீல். அதே அளவுப் பவுச்சில் இன்னும் கொஞ்சம் கூடுதல் எடை தாங்கும். நிற்கும்போது அடிப்பக்கம் அவ்வளவாகச் சுருங்காது. அடியில் சீல் கோடே இல்லாமல், முன்பக்கப் படலமே மடிந்து அடியாகவும் பின்பக்கமாகவும் தொடர்ந்தால் அது பிளவ் பாட்டம். எடை சீலின் மேல் விழாமல் படலத்தின் மேலேயே உட்காருவதால் கனமான பொருளுக்கு இதைத்தான் எடுப்பார்கள்.

இவை மூன்றிலும் பக்கவாட்டில் மடிப்பு கிடையாது. முன்னும் பின்னும் இரண்டு முகம், அடியில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். படத்தில் பக்கவாட்டுச் சுவரும் தனியாகத் தெரிந்து, அடிப்பக்கம் ஒரு டப்பாவைப் போலச் சமமாக இருந்தால் அது ஃப்ளாட் பாட்டம். அதன் நான்கு செங்குத்து மூலைகளிலும் சீல் விளிம்பு கத்தி முனை போல நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் மடிப்பு இருந்தும் அடியில் ஒரே நேர் சீல் மட்டும் இருந்தால் அது சைடு கஸெட். அது தானாக நிற்காது, நிரப்பிய பொருள்தான் நிறுத்தும்.

நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் ஃப்ளாட் பாட்டமும் ரவுண்ட் பாட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். முடிந்தால் சற்றே பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். இரண்டுக்கும் விலையில் கணிசமான வித்தியாசம் உண்டு, கொள்ளளவும் வேறு.

பாக்கெட்டின் பின்னால் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு ஒட்டு இருக்கிறது. மேலும் கீழும் பல்பல்லாக வெட்டியிருக்கிறது. இது எங்கே கிடைக்கும்?

அது சென்டர் சீல். பெரிய நிறுவனங்களின் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பாக்கெட் பெரும்பாலும் பையாக வாங்கப்பட்டதில்லை என்பது. அச்சடித்த படலச் சுருளை இயந்திரத்தில் மாட்டினால், அதுவே குழாயாக வளைத்து, பின்னால் ஒட்டி, பொருளைப் போட்டு, மேலும் கீழும் சீல் வைத்து வெட்டித் தள்ளும். பல்பல்லான விளிம்பு அந்த வெட்டுக்கத்தியின் தடம்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. பாக்கெட்டின் ஓரத்தில், பெரும்பாலும் பின்பக்கம், ஒரு சின்ன அடர்நிறச் செவ்வகம் அச்சாகியிருக்கும். டிசைனோடு அதற்குச் சம்பந்தமே இருக்காது. அது ஐ மார்க். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று இயந்திரத்தின் சென்சார் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. படத்தில் ஐ மார்க் தெரிந்தால் அது சுருளிலிருந்து வந்தது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

வீட்டுத் தொழிலுக்கு அதே பாக்கெட்டைத் தேடி அலைய வேண்டாம். ரெடிமேடாகக் கிடைக்கும் திரீ சைடு சீல் பவுச்சைக் கேளுங்கள். மூன்று பக்கம் ஒட்டி, ஒரு பக்கம் திறந்து, தட்டையாக வரும். பொருளைப் போட்டு நீங்கள் திறந்த பக்கத்தைச் சீல் வைக்கலாம். முன்பக்கம் பார்த்தால் வாங்குபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

படத்திலிருந்து நீள அகலம் எப்படிக் கண்டுபிடிப்பது?

சாம்பிள் பவுச் யாரிடமாவது இருந்து, நீங்கள் படம் கேட்டு வாங்குகிறீர்கள் என்றால் ஒரு வங்கி அட்டையைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எண் தெரியாமல் குப்புற வைத்தால் போதும். எந்த நாட்டு அட்டையானாலும் அளவு ஒன்றுதான்: 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ.க்குச் சற்றே குறைந்த அகலம். நாணயம் வைத்தால் எந்த நாணயம், எந்த வருடத்து வார்ப்பு என்ற குழப்பம் வரும்.

ஒரு பவுச்சை முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வெளியே பழுப்புக் காகிதம், நடுவில் ஜன்னல், மேலே ஜிப். காலியான பவுச்சை மேஜையில் தட்டையாக வைத்து, பக்கத்தில் அட்டையை வைத்து, நேர் மேலிருந்து எடுத்த படம். அதைக் கணினித் திரையில் பெரிதாக்கி, திரை மேலேயே ஸ்கேலை வைத்து அளக்கிறோம். அட்டையின் நீளம் திரையில் 43 மி.மீ. வருகிறது. 85.6ஐ 43ஆல் வகுத்தால் 1.99. அதாவது திரையில் அளப்பது எதுவானாலும் 1.99ஆல் பெருக்கினால் நிஜ அளவு.

பவுச்சின் அகலம் திரையில் 80 மி.மீ. பெருக்கினால் 159, அதாவது 160 மி.மீ. உயரம் 115.5, பெருக்கினால் 230 மி.மீ. அடியிலிருந்து 20 மி.மீ. மேலே ஒரு மெல்லிய மடிப்புக் கோடு தெரிகிறது, அதுதான் உள்ளே மடிந்திருக்கும் அடிப்பகுதியின் உச்சி. நிஜத்தில் 40 மி.மீ. மேல் விளிம்பிலிருந்து ஜிப் 15 மி.மீ. கீழே இருக்கிறது, நிஜத்தில் 30.

இப்போது இதை எழுதும்போது ஒரு சிக்கல் வரும். அடி மடிப்பு 40 மி.மீ. ஆழம் மடிந்திருக்கிறது, விரித்தால் 80. சிலர் இதை 160 × 230 + 40 + 40 என்று எழுதுவார்கள், சிலர் 160 × 230 + 80 என்பார்கள், வேறு சிலர் 160 × 230 + 40 என்று மடித்த அளவை மட்டும் போடுவார்கள். நீங்கள் +40 என்று எழுதி, அவர் அதை விரித்த அளவாக எடுத்துக்கொண்டால் அடி பாதியாகக் குறைந்து, நிரப்பினால் பவுச் முன்னால் கவிழும். "அடி மடிப்பு விரித்தால் 80 மி.மீ." என்று வார்த்தையில் எழுதிவிடுங்கள்.

விற்பவர்கள் சொல்லும் அகலம் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு. இரண்டு பக்கமும் சீல் பகுதி சில மி.மீ. தின்றுவிடும், பொருள் இருக்கும் அகலம் அதைவிடக் குறைவுதான்.

காலிப் பவுச் இல்லை, நிரப்பி நிற்க வைத்த படம்தான் கிடைக்கிறது. அதில் அளக்கலாமா?

உயரம் ஓரளவு வரும், அகலம் ஏமாற்றும். நிரம்பிய பவுச் உப்பும்போது பக்கங்கள் உள்ளே இழுபடும். தட்டையாக 160 மி.மீ. இருந்தது நிரம்பியபின் முன்பார்வையில் அதைவிடக் குறைவாகத் தெரியும். அதை அப்படியே எழுதி அனுப்பினால் ஒரு அளவு சின்னதாகத்தான் வந்து சேரும். பவுச் யாரிடமாவது கையில் இருந்தால், நடு உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். சுற்றளவில் பாதி, தட்டையான அகலத்துக்கு நெருக்கமாக வரும்.

அட்டையைப் பக்கத்தில் வைத்திருந்தாலும் இன்னொரு பிழை நுழையும். பவுச்சைப் படுக்க வைத்து மேலிருந்து எடுக்கிறீர்கள், அது 40 மி.மீ. உப்பியிருக்கிறது, அட்டை மேஜை மட்டத்தில் கிடக்கிறது. கேமரா மேஜையிலிருந்து 400 மி.மீ. உயரத்தில் என்றால், பவுச்சின் மேல்முகம் கேமராவுக்கு 360 மி.மீ.தான் தூரம். அதனால் அது பத்து சதவீதத்துக்கும் மேல் பெரிதாகத் தெரியும். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் இந்தப் பிழை நன்றாகக் குறைந்துவிடும். அட்டையைப் பொருளின் முகம் இருக்கும் மட்டத்துக்கே உயர்த்தி வைத்தால் இன்னும் நல்லது.

"250 கிராம் பவுச்" என்று போட்டிருக்கிறார்கள். என் பொருளும் 250 கிராம்தான். அதையே வாங்கலாமா?

வேண்டாம், முதலில் உங்கள் பொருளை அளந்து பாருங்கள். பவுச்சுக்குக் கொள்ளளவுதான் உண்டு, எடை கிடையாது. அவர்கள் எந்தப் பொருளை மனதில் வைத்து 250 என்றார்களோ யாருக்குத் தெரியும். உப்பும் அவலும் ஒரே எடைக்கு ஒரே இடத்தை அடைப்பதில்லை.

200 மி.லி. அளவுக் குவளை ஒன்றில் உங்கள் பொடியைத் தட்டாமல், அமுக்காமல் நிரப்பி எடை போடுங்கள். 96 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மி.லி.க்கு 0.48 கிராம். 250 கிராமை 0.48ஆல் வகுத்தால் 521 மி.லி. உங்களுக்கு வேண்டிய இடம் அதுதான். சாம்பிள் பவுச்சில் உலர்ந்த தானியத்தை அளவுக் குவளையால் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஜிப்புக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் விட்டு எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று பாருங்கள். 521க்குக் குறைந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள்.

பொடிகளில் இன்னொன்றும் உண்டு. அரைத்த உடனே காற்று கலந்து பொங்கி நிற்கும். பெட்டியில் அடுக்கி, வண்டியில் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் படிந்துவிடும். அதனால் அதே குவளையை மேஜையில் முப்பது முறை தட்டிவிட்டு, பொடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். நிரப்பும்போது தேவைப்படும் இடம் முதல் அளவு, வாடிக்கையாளர் கையில் தெரியும் உயரம் இரண்டாவது அளவு. ஜன்னல் வைத்த பவுச் என்றால் இரண்டாவது அளவிலும் ஜன்னலின் மேல்விளிம்பு வரை பொடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எடை சரியாக இருந்தும் "பாதிதான் இருக்கிறது" என்ற புகார் வரும்.

உள்ளே வெள்ளியாகப் பளபளக்கிறது. அது அலுமினியம் ஃபாயில்தானே?

படத்தில் பளபளப்பைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது. வெள்ளி நிறத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று நிஜமான அலுமினியத் தகடு, ஏழு முதல் ஒன்பது மைக்ரான் கனத்தில் நடுவில் ஒட்டியது. இன்னொன்று மெட்டலைஸ்டு படலம். பிளாஸ்டிக் மேல் அலுமினிய ஆவி படிந்தது. அந்தப் படிவு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஈரத்தையும் ஆக்சிஜனையும் வெளிச்சத்தையும் தடுப்பதில் ஃபாயில் மேலானது. மெட்டலைஸ்டு மோசமில்லை, சாதாரணப் பிளாஸ்டிக்கைவிட எவ்வளவோ நல்லது, ஆனால் ஃபாயிலுக்கு ஈடாகாது.

பெரிதாக்கிய படத்தில் ஒரு குறிப்பு கிடைக்கலாம். மடிப்புகளும் கசங்கல்களும் கூர்மையாக, மடித்த இடத்திலேயே நின்றுவிட்டிருந்தால் ஃபாயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். மெட்டலைஸ்டு படலம் கசக்கி விட்டால் துள்ளித் திரும்ப விரியும், கசங்கல்கள் மொழுமொழுவென்று இருக்கும். இது சந்தேகத்தைக் கிளப்பப் போதும், முடிவெடுக்கப் போதாது.

சாம்பிள் கையில் வந்ததும் இருட்டறையில் மொபைல் டார்ச்சைப் பவுச்சுக்குள் விட்டுப் பாருங்கள். மெட்டலைஸ்டு என்றால் டார்ச்சின் புள்ளி மங்கலாக, நீலச் சாம்பல் நிறத்தில் வெளியே தெரியும். ஃபாயில் என்றால் ஒன்றும் தெரியாது. அங்கங்கே ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அவை ஃபாயிலில் இருக்கும் நுண்துளைகள்; மடிப்புகளில் அவை வரிசையாகத் தெரிந்தால் பவுச் ஏற்கெனவே கசங்கி அடிபட்டிருக்கிறது. யாராவது "ஃபாயில் பவுச்" என்று விற்றால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். வேண்டுமென்று ஏமாற்றாவிட்டாலும், வெள்ளியாக இருக்கும் எல்லாவற்றையும் ஃபாயில் என்று கூப்பிடுவது இந்தத் தொழிலில் சகஜம்.

பழுப்புக் காகிதப் பவுச், ஜன்னல் வைத்தது. பார்க்க அழகாக இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் அது காகிதம்தானா என்று பாருங்கள். காகித நிறத்தையும் நார்களையும் பிளாஸ்டிக் மேல் அச்சடித்து, மேட் பூச்சு கொடுத்து விற்பதும் உண்டு. இரண்டு பவுச்சுகளை அருகருகே வைத்த படம் கிடைத்தால் ஒப்பிடுங்கள். ஒரே நார்க்கோடு, ஒரே இடத்தில், இரண்டிலும் இருந்தால் அது அச்சு. கையில் இருந்தால் கிழித்துப் பார்த்தாலே தெரியும்: காகிதம் கிழிந்த இடத்தில் நார் நாராக நிற்கும். அச்சடித்தது தரத்தில் குறைந்ததென்று அர்த்தமில்லை, ஈரக்கை பட்டால் அதுதான் நன்றாகத் தாங்கும். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது ஜன்னல். உள்ளே ஃபாயிலோ மெட்டலைஸ்டோ இருந்தாலும் ஜன்னல் இருக்கும் இடத்தில் அது இருக்க முடியாது. அந்த இடம் வெறும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். எண்ணெய்ப் பசை உள்ள கொட்டைகள், வறுத்து அரைத்த பொடிகள் போன்றவை வெளிச்சத்தாலும் ஆக்சிஜனாலும் கெடுபவை. ஜன்னல் பெரிதாக ஆக அவற்றின் ஆயுள் குறையும். சர்க்கரை மாதிரி வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாத உலர்பொருளுக்கு ஜன்னலால் கெடுதல் ஒன்றும் வராது. படத்தில் மயங்குவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

முன்பக்கம் மேலே வட்டமாக ஒரு பொத்தானும் அதில் சின்னத் துளைகளும் தெரிந்தால் அது ஒருவழி வால்வு. வறுத்த காபி தானாக வாயு விடும், அது வெளியேற வைத்தது. வாயு விடாத பொருளுக்கு அது வெட்டிச் செலவு.

மைக்ரான் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

படத்தில் வாய்ப்பே இல்லை. சாம்பிளின் ஒரே சுவரைத் தனியாக வெட்டி எடுத்து ஸ்க்ரூகேஜில் அளக்கலாம். பவுச்சை அப்படியே பிடித்து அளந்தால் இரண்டு சுவரும் சேர்ந்து வரும். ஆளாளுக்கு வேறு எண் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒருவர் ஒரு சுவரைச் சொல்கிறார், இன்னொருவர் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்.

அதைவிட, மொத்த மைக்ரானுக்குப் பதிலாக அடுக்குகளைக் கேளுங்கள். "12 பெட், 12 மெட்டலைஸ்டு பெட், 75 பாலி" என்று பதில் வந்தால் அவருக்குத் தன் சரக்கு தெரியும். பெட் என்பது பாலியெஸ்டர் படலம், பாலி என்பது பாலிதீன், எண்கள் மைக்ரானில். மூன்றையும் கூட்டினால் 99 மைக்ரான். "100 மைக்ரான் கெட்டியான கவர்" என்று மட்டும் வந்தால், அது வெறும் பாலியாகவும் இருக்கலாம். கனம் மட்டும் இருந்து என்ன பயன், மணத்தையும் ஆக்சிஜனையும் அது சரியாகத் தடுக்காது.

பாட்டில் பெட்டா, பி.பி.யா, எச்.டி.பி.ஈ.யா? படத்தில் ஒரே மாதிரி இருக்கிறதே?

அடிப்பாகத்தின் படத்தைக் கேளுங்கள். முக்கோணத்துக்குள் இருக்கும் எண் தெரிந்தால் வேலை முடிந்தது: 1 என்றால் பெட், 2 எச்.டி.பி.ஈ., 5 பி.பி.

எண் இல்லாவிட்டாலும் அடி பேசும். அடியின் நட்டநடுவில் ஒரு சின்ன வட்டப் புள்ளி, மற்றபடி கண்ணாடி போலத் தெளிவு என்றால் பெட். குட்டிச் சோதனைக் குழாய் போன்ற ஒன்றைச் சூடாக்கி ஊதித்தான் பெட் பாட்டிலைச் செய்கிறார்கள், அந்தப் புள்ளி அதன் மிச்சம். அடியின் குறுக்கே ஒரு கோடு, கிள்ளி ஒட்டியது போலத் தெரிந்து, பாட்டிலும் பால்போல மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் எச்.டி.பி.ஈ.

சாஸ் அல்லது ஜாமைச் சூடாக ஊற்றப் போகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. சாதாரணப் பெட் 70 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். ஊற்றும்போதோ ஆறியபின்னோ பக்கங்கள் உள்வாங்கி, பாட்டில் கோணிக்கொண்டு நிற்கும். கடை அலமாரியில் சூடாக நிரப்பிய பெட் பாட்டில்கள் இருக்கிறதே என்று தோன்றலாம். அவற்றின் படத்தைக் கவனியுங்கள்: பக்கங்களில் பள்ளமான பலகைகள் அமைந்திருக்கும், பலவற்றில் கழுத்து மட்டும் வெள்ளையாக இருக்கும். வெப்பம் தாங்குவதற்காகவே தனியாகச் செய்தவை அவை. அந்த அடையாளம் இல்லாத பெட்டில் சூடாக ஊற்ற வேண்டாம், கண்ணாடிக்குப் போய்விடுங்கள்.

பாட்டில் கிடைத்துவிட்டது, மூடி பொருந்தவில்லை. இரண்டுமே 28 மி.மீ. என்றுதான் சொன்னார்கள்.

28 என்பது கழுத்தில் மரையோடு சேர்ந்த வெளி விட்டத்தின் பெயர் மட்டும். அது பாதி முகவரி. மரை எத்தனை சுற்று என்பது மீதி. 28-400 என்றால் ஒரு சுற்று, 28-410 என்றால் ஒன்றரை, 28-415 என்றால் இரண்டு. இவை ஒன்றுக்கொன்று மாறினால் மூடி ஏறும், ஆனால் அடிவரை இறங்காது, அல்லது இறங்கியும் கழுத்து விளிம்பில் அமராது. பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் கசியும்.

கழுத்தை நேர் பக்கவாட்டிலிருந்து, மூடியைக் கழற்றிவிட்டு எடுத்த படம் வேண்டும். ஒரே செங்குத்துக் கோட்டில் எத்தனை மரை வரிகள் குறுக்கிடுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு பாட்டிலைத் திருப்பி இன்னொரு படம். ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இரண்டும் தெரிந்தால் ஒன்றரைச் சுற்று.

கண்ணாடி ஜாரில் தொடர்ச்சியான மரைக்குப் பதில் துண்டு துண்டாகச் சாய்வு வரிகள் தெரிந்தால் அது லக் மூடிக்கானது. கால் திருப்பில் மூடுகிற உலோக மூடி. 63, 70, 82 என்ற மி.மீ. அளவுகளில் பரவலாகக் கிடைக்கும். சூடாக நிரப்பி, ஆறும்போது மூடி நடுவில் உள்வாங்க வேண்டும் என்றால் உங்களுக்கு வேண்டியது இதுதான்.

அட்டைப்பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

உள்ளே செருகி மூடும் மேல் மடலும் கீழ் மடலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று. இரண்டும் ஒரே சுவரிலிருந்து வந்தால் ஸ்ட்ரெயிட் டக், எதிரெதிர்ச் சுவர்களிலிருந்து வந்தால் ரிவர்ஸ் டக். அடியில் நான்கு மடல்கள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கியாக மாட்டியிருந்தால் அது லாக் பாட்டம். கண்ணாடி பாட்டிலை உள்ளே வைக்கிறீர்கள் என்றால் இதுதான் வேண்டும். டக் அடி எடையில் திறந்துகொள்ளும்.

அட்டையின் வெட்டு விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். உள்பக்கமும் விளிம்பும் சாம்பல் நிறமாக இருந்தால் மறுசுழற்சிக் கூழ் சேர்ந்த டூப்ளெக்ஸ். உணவு நேரடியாகப் படாமல், உள்ளே ஒரு பவுச்சோ கவரோ இருக்கும்படி பயன்படுத்துங்கள். அளவை நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில், உள்ளளவு என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். திறப்பில் பெரிய பக்கம்தான் நீளம்.

சரி, கடைசியில் விற்பவருக்கு என்ன எழுதி அனுப்புவது?

மேலே அளந்த பவுச்சையே, ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டால், படத்தோடு இப்படி எழுதலாம்:

"ஸ்டாண்ட் அப் பவுச், ரவுண்ட் பாட்டம், ஜிப் உண்டு, கிழித்துத் திறக்க டியர் நாட்ச் இரண்டு பக்கமும். வெளி அகலம் 160, உயரம் 230, அடி மடிப்பு விரித்தால் 80 மி.மீ. ஜிப் மேல் விளிம்பிலிருந்து 30 மி.மீ. கீழே. வெளியே பழுப்புக் காகிதம், உள்ளே மெட்டலைஸ்டு. ஜன்னல் வேண்டாம். அடுக்குகளையும் ஒவ்வொன்றின் மைக்ரானையும் எழுதுங்கள். உணவு தொடும் பொருளுக்கு ஏற்றது என்ற சான்றின் நகல் வேண்டும். அச்சில்லாத பவுச், குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும்? முதலில் சாம்பிள் வேண்டும்."

சான்றைக் கேட்பது ஏனென்றால், படத்தில் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட சின்னம் தெரிந்தாலும் அது அந்தப் பவுச்சுக்குத்தான், இவர் அனுப்பப்போகும் பவுச்சுக்கு இல்லை. அச்சில்லாதது என்று கேட்பது ஏனென்றால், சுருளில் அச்சடிக்கும் கிராவ்யூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை செய்ய வேண்டும். சின்ன எண்ணிக்கைக்கு அது கட்டாது. வெறும் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டி ஆரம்பிக்கலாம்.

சாம்பிள் வந்ததும் உங்கள் பொருளையே போட்டு, உங்கள் சீலரிலேயே சீல் வையுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும்படி மூடி, தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடம் பெரும்பாலும் அடி மூலையாகவோ, ஜிப் பக்கச் சீலோடு சேரும் இடமாகவோ இருக்கும். ஜிப் மேலே குமிழி வந்தால் அது உங்கள் சீல். கைச்சீலரின் மெல்லிய ஒற்றைக் கோடு மூன்றடுக்குப் பவுச்சுக்குப் பல நேரம் போதாது, சூட்டைக் கூட்டியோ இரண்டாவது கோடு போட்டோ மறுபடி சோதியுங்கள். மூலையில் குமிழி வந்தால் பவுச் செய்தவருடைய சீல், அந்தப் படத்தை அவருக்கு அனுப்பி வேறு சாம்பிள் கேளுங்கள்.